எதிர்காலத்திலிருந்து வந்த மெயில்கள்: 2010 ஜனவரி 1 அன்று ஸ்பேம் ஃபில்டர் ஏன் குழம்பியது?

இந்த எபிசோடு 2010 ஜனவரி 1-ஐப் பத்தினது. வெள்ளிக்கிழமை, புத்தாண்டு விடுமுறை. பெரும்பாலான ஆபீஸ்ல சிஸ்டம் அட்மின் லீவு. அன்னிக்கு உலகம் முழுக்க நிறைய மெயில் சர்வர்கள், உள்ளே வந்த சாதாரண மெயில்களைப் பார்த்து ஒரே குற்றச்சாட்டைச் சொல்ல ஆரம்பித்தன: "இந்த மெயிலோட தேதி எதிர்காலத்துல எங்கேயோ இருக்கு, சந்தேகமா இருக்கு."

அந்த மெயில்களில் இருந்த தேதி என்ன தெரியுமா? 2010 ஜனவரி 1. அதாவது அன்றைய தேதிதான். மெயில் அனுப்பியவர் கடிகாரம் சரி, சர்வர் கடிகாரமும் சரி. தப்பு வேறு ஒரு இடத்தில் இருந்தது.

அந்த இடத்துக்குப் போறதுக்கு முன்னாடி, ஒரு சின்ன எரிச்சலைப் பேசணும். 2000-களில் இமெயில் பயன்படுத்தியவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். இன்பாக்ஸைத் திறந்தா உச்சியில் ஒரு மெயில் உட்கார்ந்திருக்கும். தேதியைப் பார்த்தா இன்னும் வராத ஒரு மாசம், இல்லேன்னா இன்னும் வராத ஒரு வருஷம். புதுசா எத்தனை மெயில் வந்தாலும் எல்லாம் அதுக்குக் கீழேதான் போகும். இந்த எரிச்சலைச் சரிசெய்ய எடுத்த முயற்சிகளில் ஒன்றுதான் 2010-ல் வெடித்தது.

தேதியை எழுதுவது யார்?

ஒரு பழைய தபால் கடிதத்தை எடுத்துக்கோங்க. அதில் ரெண்டு தேதி இருக்கும். உள்ளே, காகிதத்தின் மேல் ஓரத்தில் எழுதினவர் தன் கையால் போட்ட தேதி. வெளியே, உறை மேல் தபால் அலுவலகம் குத்தின முத்திரைத் தேதி. எழுதினவர் ஞாபகமறதியில் போன வருஷத்தைப் போட்டிருக்கலாம். ஆனா முத்திரை அவர் கையில் இல்லை.

இமெயிலிலும் இதே ரெண்டு தேதி உண்டு. மெயிலுக்கு மேலே, சாதாரணமா நம்ம கண்ணுக்குக் காட்டாத ஹெடர் பகுதி ஒன்று இருக்கு. அதில் `Date:` என்று தொடங்கும் வரி, எழுதினவர் போட்ட தேதி. `Received:` என்று தொடங்கும் வரிகள், வழியில் ஒவ்வொரு சர்வரும் குத்தின முத்திரை. மூணு சர்வர் தாண்டி வந்தா மூணு முத்திரை இருக்கும். புதிய முத்திரை எப்போதும் மேலே சேரும், அதனால கீழேயிருந்து மேலே படிக்கணும்.

இமெயிலின் வடிவத்தை ஒழுங்குபடுத்திய ஆவணங்களில் முக்கியமானது 1982-ல் டேவிட் கிராக்கர் எழுதிய ஆர்.எஃப்.சி. 822. ஒவ்வொரு மெயிலிலும் `Date:` வரி கட்டாயம் இருக்கணும் என்று அது சொன்னது. 2001-ல் அதன் இடத்துக்கு வந்த ஆர்.எஃப்.சி. 2822, அந்தத் தேதிக்கு என்ன அர்த்தம் என்பதையும் தெளிவாக எழுதியது. மெயில் பயணப்பட்ட நேரம் அது கிடையாது. எழுதி முடிச்சாச்சு, அனுப்பத் தயார் என்று எழுதினவர் சொல்லும் நேரம். நடைமுறையில், நீங்க 'அனுப்பு' பட்டனை அழுத்தும்போது உங்க கம்ப்யூட்டரின் கடிகாரம் என்ன காட்டுதோ, அதுதான் அங்கே போய் உட்காரும்.

அதாவது `Date:` என்பது ஒரு வாக்குமூலம். யாரும் அதைச் சரிபார்த்து முத்திரை குத்தவில்லை. தேதி தப்பா இருக்குன்னு திருப்பி அனுப்பும்படி வழியில் இருக்கிற சர்வரிடம் எந்த விதியும் சொல்லலை. வந்ததை வந்தபடியே அடுத்த சர்வருக்குத் தள்ளிவிடும்.

சரி, அப்போ இன்பாக்ஸ் ஏன் இந்த வாக்குமூலத்தை நம்பி வரிசைப்படுத்துச்சு? முத்திரையை வச்சு வரிசைப்படுத்தியிருக்கலாமே?

இதுக்குக் காரணம் அப்போது வீட்டிலும் ஆபீஸிலும் பரவலா இருந்த பாப் 3 என்ற முறை. மோடம் போட்டு, சர்வருக்குப் போய், மெயில்களை அள்ளிட்டு வந்து நம்ம கம்ப்யூட்டரில் வைக்கிற முறை. இந்த முறையில் சர்வரிடம் "என்கிட்ட எத்தனை மெயில் இருக்கு", "மூணாவதைக் கொடு", "அழிச்சிடு" என்றெல்லாம் கேட்கலாம். "மூணாவது மெயில் உன்கிட்ட எப்போ வந்துச்சு" என்று கேட்க ஒரு கட்டளையே இல்லை. மெயில் கைக்கு வந்த பிறகு அதன் ஹெடரில் இருப்பதை வைத்துத்தான் எதையும் கண்டுபிடிக்கணும். `Received:` வரிகளைப் பிரித்துப் படிக்கலாம், ஆனா ஒவ்வொரு சர்வரும் அதை ஒவ்வொரு மாதிரி எழுதும். `Date:` வரி ஒன்றே ஒன்று, அதன் வடிவமும் நிச்சயம். அதை எடுத்துப் பட்டியலில் போடுவது எளிது. பல மெயில் புரோகிராம்கள் அந்த எளிய வழியில் போயின.

எல்லோருடைய கடிகாரமும் சரியா இருக்கிற வரைக்கும் இதில் பிரச்சினை இல்லை.

கடிகாரம் எப்படி முன்னாடி ஓடியது?

கம்ப்யூட்டர் கடிகாரம் தப்புன்னதும் பலருக்கு முதலில் தோன்றுவது மதர்போர்டில் இருக்கிற பட்டன் பேட்டரி. அது தீர்ந்தா, பவர் எடுத்ததும் கடிகாரம் நேரத்தை மறந்துடும். ஆனா அப்படி மறந்த கடிகாரம் பெரும்பாலும் பின்னாடிதான் போகும். 1980, இல்லேன்னா அந்த மதர்போர்டு தயாரான வருஷம். அந்த மெயில்கள் இன்பாக்ஸின் அடியில் போய் ஒளிஞ்சுக்கும். அதுவும் தொல்லைதான், ஆனா இன்னிக்கு நாம பேசற தொல்லை இல்லை. எதிர்காலத்துக்குப் போன கடிகாரங்களுக்குப் பின்னாடி பெரும்பாலும் ஒரு மனுஷக் கை இருந்தது.

விண்டோஸ் எக்ஸ்பி ஞாபகம் இருக்கா? வலது கீழ் மூலையில் நேரத்தை டபுள் கிளிக் பண்ணினா ஒரு காலண்டர் வரும். வர்ற தீபாவளி என்னிக்கு விழுதுன்னு பார்க்க அதைத்தான் திறப்பாங்க. நவம்பருக்குப் போய், ஒரு தேதியை கிளிக் பண்ணி, கிழமையைப் பார்த்துட்டு, ஓகே அழுத்திடுவாங்க. ஆனா அது பார்க்கிறதுக்கான காலண்டர் இல்லை, கடிகாரத்தை மாத்துற இடம். ஓகே அழுத்தினதும் அந்தக் கம்ப்யூட்டருக்கு நவம்பர் பிறந்துடும். அதுக்கப்புறம் அங்கேயிருந்து போகும் ஒவ்வொரு மெயிலும் நவம்பர் தேதியோட போய், வாங்கினவங்க இன்பாக்ஸின் உச்சியில் ஏறி உட்காரும்.

ஆனா எக்ஸ்பியில் இன்டர்நெட்டைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்யும் வசதியும் இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை அது ஓடும். அப்போ தானா சரியாகி இருக்கணுமே? ஒரு சிக்கல் இருந்தது. தேதியே பொருந்தலைன்னா, பாதுகாப்புக் காரணத்துக்காக ஒத்திசைக்க முடியாது, முதலில் தேதியைச் சரிபண்ணு என்று ஒரு பிழைச்செய்தி காட்டி அது நின்றுவிடும். சில நிமிஷம் விலகின கடிகாரத்தை அது திருத்தும். நவம்பருக்கே போயிட்ட கடிகாரத்தை அது தொடாது.

இன்னொரு வகை இன்னும் நுணுக்கமானது. இதில் கடிகாரத்தைக் கண்ணால் பார்த்தா சரியாவே இருக்கும். ஒரு உதாரணத்தை முழுசாப் பார்ப்போம். சென்னையில் ஒரு ஆபீஸ், புதுக் கம்ப்யூட்டர். நிறுவினவர் நேரத்தை மட்டும் சரியா வச்சுட்டார். டைம் ஸோனைக் கவனிக்கலை, அது அமெரிக்காவின் பசிபிக் நேரத்திலேயே இருக்கு. காலை 10 மணிக்கு ஒரு மெயில் போகுது. அதன் ஹெடர் இப்படி இருக்கும்:

```
Received: from pc7.example.net by mail.example.org;
        Tue, 13 Feb 2007 10:00:41 +0530
Date: Tue, 13 Feb 2007 10:00:12 -0800
```

ரெண்டு வரியிலும் 10 மணிதான். ஆனா கடைசியில் இருக்கிற எண்ணைப் பாருங்க. `+0530` என்றால் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால், அதாவது இந்திய நேரம். `-0800` என்றால் எட்டு மணி நேரம் பின்னால். பசிபிக் கரையில் காலை 10 என்றால் கிரீன்விச்சில் மாலை 6. அதை இந்திய நேரமாக்கினா இரவு 11:30. வாங்குபவரின் மெயில் புரோகிராம் இந்தக் கணக்கைச் சரியாப் போடும். போட்டுட்டு, காலை 10 மணிக்கு வந்த மெயிலை "இரவு 11:30" என்று காட்டி உச்சியில் வைக்கும். அன்னிக்கு நாள் பூரா வர்ற எல்லா மெயிலும் அதுக்குக் கீழே.

இந்த இடைவெளியே என்ன நடந்துச்சுன்னு சொல்லிடும். `Date:` வரிக்கும், உங்க சொந்த சர்வர் குத்தின முத்திரைக்கும், அதாவது மேலே இருக்கிற `Received:` வரிக்கும், எவ்வளவு தூரம்னு கழிச்சுப் பாருங்க. மேலே இருக்கிற உதாரணத்தில் அது ஏறக்குறைய 13 மணி 30 நிமிடம். இப்படி அரை மணிக் கணக்கில் முழுசா வந்தா டைம் ஸோன் தப்பு. சரியா 12 மணி நேரம்னா காலை, மாலை மாறிப்போச்சு. சரியா ஒரு வருஷம்னா வருஷத்தை மட்டும் தப்பா அடிச்சிருக்காங்க. 7-ஆம் தேதி மார்ச், 3-ஆம் தேதி ஜூலை ஆகியிருந்தா, நாளும் மாதமும் இடம் மாறியிருக்கு. முழுசில்லாத, எந்தக் கணக்கிலும் வராத இடைவெளின்னா கடிகாரம் தானா விலகியிருக்க வாய்ப்பு அதிகம்.

இதில் இழப்பு என்ன? உச்சி வரியை மட்டும் பார்த்துட்டு "புதுசா ஒண்ணும் வரலை"ன்னு மூடிடற பழக்கம் நம்ம எல்லாருக்கும் இருக்கு. உச்சியில் அதே பழைய மெயில் இருந்தா, அதுக்குக் கீழே வந்த புது மெயில் கண்ணில் படாமப் போகும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், பல பேர் பகிர்ந்துக்கிட்ட பொது இன்பாக்ஸில் அடுத்த வருஷத் தேதியோட ஒரு மெயில் இருந்தது. அது ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய உண்மையான மெயில் என்பதால் யாருக்கும் அழிக்க மனசு வரலை. புதுசா சேர்ந்தவங்களுக்கு முதல் நாள் சொல்லித்தரும் விஷயங்களில் ஒன்று: "ரெண்டாவது வரியிலேர்ந்து பாரு."

இந்த ஓட்டையைப் பிடித்தவர்கள்

தெரியாம நடந்தாலே மெயில் உச்சியில் நிக்குதுன்னா, வேணும்னே பண்ணினா? ஸ்பேம் அனுப்புபவர்களுக்கு இது சீக்கிரமே புரிஞ்சது. `Date:` வரியை யாரும் சரிபார்க்கிறதில்லை. எதை எழுதினாலும் போகும். மாத்திரை விற்கிற மெயில் இன்பாக்ஸின் உச்சியில் நிக்கணும்னா, எதிர்காலத் தேதியைப் போட்டா போதும்.

அந்தக் காலத்து ஸ்பேமில் அடிக்கடி தென்பட்ட வருஷம் 2038. ஏன் 2038? யூனிக்ஸ் வழி வந்த கம்ப்யூட்டர்கள் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து ஓடின நொடிகளாக எண்ணும். அந்த எண்ணிக்கையை 32 பிட் இடத்தில், குறி சேர்த்து வைத்தா, அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 2147483647. அத்தனை நொடிகள் முடியும் நேரம் 2038 ஜனவரி 19, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அத்தகைய புரோகிராமுக்கு அதுதான் காலத்தின் கடைசி நொடி. வரிசையில் அதுக்கு மேலே எதுவும் ஏற முடியாது.

ஃபில்டர்கள் போட்ட ரெண்டு விதமான விதிகள்

இப்போ கதையின் மையத்துக்கு வருவோம். 2001-ல் ஜஸ்டின் மேசன் உருவாக்கிய ஸ்பேம் ஃபில்டர் ஸ்பாம்அசாசின். ஓப்பன் சோர்ஸ், பின்னாளில் அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் வந்தது. இன்டர்நெட் நிறுவனங்கள், கல்லூரிகள், வெப் ஹோஸ்டிங் கம்பெனிகள் என்று நிறைய பேர் தங்கள் மெயில் சர்வரில் இதை வைத்திருந்தார்கள்.

இது வேலை செய்யும் விதம் பரீட்சைப் பேப்பர் திருத்துவது மாதிரி, ஆனா தலைகீழா. நூற்றுக்கணக்கான சின்னச்சின்ன விதிகள் இருக்கும். மெயில் ஒவ்வொரு விதியிலும் மாட்டினா சில மதிப்பெண். மொத்தம் 5-ஐத் தொட்டா ஸ்பேம் என்று முத்திரை. அந்த 5 என்பது வழக்கமா வரும் அமைப்பு, வேணும்னா மாத்திக்கலாம். பெரும்பாலும் ஒரு விதி தனியா தீர்ப்புச் சொல்லாது, கூட்டுத்தொகைதான் தீர்ப்பு.

தேதிக்கும் விதிகள் இருந்தன. முதல் வகை ரொம்ப நேர்த்தியானது. `DATE_IN_FUTURE_03_06`, `DATE_IN_FUTURE_12_24` மாதிரி பெயர்களோட வரும். இவை செய்வது நாம கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி கையால் போட்ட அதே கழித்தல் கணக்கு. `Date:` வரியையும் `Received:` முத்திரையையும் எடுத்து, எத்தனை மணி நேரம் முன்னாடி இருக்குன்னு பார்க்கும். 3-லிருந்து 6 மணி நேரம் என்றால் ஒரு விதி, 12-லிருந்து 24 என்றால் இன்னொரு விதி. நம்ம சென்னை ஆபீஸ் மெயில் இந்த ரெண்டாவதில் மாட்டும். கொஞ்சம் மதிப்பெண் வாங்கும், ஆனா வேற தப்பு எதுவும் இல்லேன்னா தப்பிச்சிடும். ஒரு வாக்குமூலத்தை முத்திரையோட ஒப்பிட்டுச் சந்தேகப்படுவது நியாயமான முறை. இந்த விதி எந்த வருஷத்திலும் வேலை செய்யும்.

ரெண்டாவது வகையில் ஒரு விதி இருந்தது. பெயர் `FH_DATE_PAST_20XX`. அது இவ்வளவுதான்:

```
header FH_DATE_PAST_20XX Date =~ /20[1-9][0-9]/ [if-unset: 2006]
```

ரெகுலர் எக்ஸ்பிரஷன் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். `Date:` வரியில் 20 என்று தொடங்கி, அடுத்த இலக்கம் 1-லிருந்து 9-க்குள், அதுக்கு அடுத்த இலக்கம் எதுவா இருந்தாலும் சரி, அப்படி ஒரு நாலு இலக்க எண் இருக்கா என்று பார்க்கும். அதாவது 2010-லிருந்து 2099 வரை எந்த வருஷம் இருந்தாலும் மாட்டும். கடைசியில் இருக்கிற 2006, மெயிலில் தேதி வரியே இல்லாவிட்டால் வைத்துக்கொள்ள வேண்டிய மதிப்பு.

2007-ல் இருந்துகொண்டு பார்த்தா இதில் குறையே தெரியாது. 2038 போட்டு வர்ற ஸ்பேம் பிடிபடும், நல்ல மெயில் ஒன்றுகூட மாட்டாது. ஆனா இந்த விதிக்கு "இப்போ மணி என்ன" என்ற கேள்வியே தெரியாது. அது எந்தக் கடிகாரத்தையும் பார்க்கலை, எந்த முத்திரையோடும் ஒப்பிடலை. "எதிர்காலம் 2010-ல் தொடங்குது" என்று கல்லில் வெட்டி வச்சிருக்கு. தப்பான கடிகாரங்களைப் பிடிக்கப் போட்ட விதியே, நின்னுபோன ஒரு கடிகாரம்.

அன்றைக்கு நடந்தது

2010 பிறந்ததும் `Date:` வரிகளில் 2010 வர ஆரம்பித்தது. ஸ்பாம்அசாசின் 3.2.0 முதல் 3.2.5 வரையிலான பதிப்புகளில் இருந்த இந்த விதி ஏறக்குறைய எல்லா மெயிலையும் பிடித்தது. அது கொடுத்த மதிப்பெண் எவ்வளவு? சர்வர் அமைப்பைப் பொறுத்து 3.6 வரைக்கும்.

5-க்கு 3.6. இதோட கனத்தை யோசிங்க. சாதாரண நல்ல மெயில்கூட முழுசா பூஜ்யம் வாங்காது. ஒரு கல்லூரி அனுப்பும் அறிவிப்பு மெயில் இருக்குன்னு வச்சுக்குவோம். வெறும் எச்.டி.எம்.எல்லில் இருக்கும், அதுக்குக் கொஞ்சம். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும், அதுக்குக் கொஞ்சம். டிசம்பர் 31 அன்னிக்கு இதெல்லாம் சேர்ந்து 1.5 வந்திருந்தா, 5-க்கு வெகுதூரம். பத்திரமா இன்பாக்ஸுக்குப் போயிருக்கும். அதே மெயில் ஜனவரி 1 அன்னிக்குப் போனா 1.5-உம் 3.6-உம் சேர்ந்து 5.1. ஸ்பேம். மெயிலில் ஒரு எழுத்து மாறலை, தேதி மட்டும்தான் மாறியிருக்கு.

இதில் ரொம்பக் கவனிக்க வேண்டியது, இது முழு அடைப்பு இல்லை. எல்லா மெயிலும் நின்னிருந்தா யாராவது உடனே கத்தியிருப்பாங்க. மிகச் சுத்தமான மெயில்கள் 3.6-ஓட தப்பிச்சு உள்ளே வந்துக்கிட்டே இருந்தன. ஏற்கெனவே சின்னச்சின்னக் குறை இருந்த மெயில்கள் மட்டும் சத்தமில்லாம ஸ்பேம் போல்டருக்குப் போயின. சில இடங்களில் ஸ்பேமை அப்படியே அழிக்கும்படி வச்சிருப்பாங்க, அங்கே போனது போனதுதான். அனுப்பினவருக்கும் தகவல் இல்லை, வர வேண்டியவருக்கும் தகவல் இல்லை.

சந்தேகப்பட்ட அட்மின்களுக்குத் தடயம் மெயிலிலேயே இருந்தது. ஸ்பாம்அசாசின் எந்தெந்த விதியில் மாட்டியதுன்னு `X-Spam-Status:` ஹெடரில் எழுதி வைக்கும். அன்னிக்கு வந்த நல்ல மெயில்களில் அதைத் திறந்தா, மெயிலுக்கு மெயில் அதே பெயர்: `FH_DATE_PAST_20XX`.

அன்றே அப்பாச்சி தரப்பில் அறிவிப்பு வந்தது. ரெண்டு வழி சொன்னாங்க. `sa-update` கட்டளையை ஓட்டி விதிகளைப் புதுப்பிக்கலாம். இல்லேன்னா `local.cf` கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்து அந்த விதிக்கு மதிப்பெண் பூஜ்யம் ஆக்கலாம்:

```
score FH_DATE_PAST_20XX 0
```

புதுப்பிக்கப்பட்ட விதியில் என்ன மாத்தினாங்க தெரியுமா? ஒரே ஒரு இலக்கம். `[1-9]` இருந்த இடத்தில் `[2-9]`. அதாவது எதிர்காலம் 2020-க்குத் தள்ளி வைக்கப்பட்டது. புத்தாண்டு அன்னிக்கு அவசரத்தில் அது சரியான முடிவுதான், பாதுகாப்பா உடனே வெளியிடக்கூடிய சின்ன மாற்றம். ஆனா விதிக்கு அப்பவும் கடிகாரம் கிடைக்கலை, முள் மட்டும் நகர்த்தப்பட்டது.

ஏன் முன்னாடியே தெரியலை?

இங்கேதான் எனக்கு இந்தக் கதை பிடிச்சிருக்கு. முதல் விஷயம், தெரிஞ்சிருந்தது. வளர்ச்சியில் இருந்த அடுத்த பதிப்பில் 2009-லேயே இதைச் சரிசெஞ்சுட்டாங்க. ஆனா அந்தத் திருத்தம், ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த 3.2 பதிப்பின் விதிகளுக்கு வந்து சேரலை. வேலை செய்றவங்க எல்லாருக்கும் தெரியும், சரிசெஞ்ச கோடு ஒரு பிராஞ்சில் இருக்கிறதும், அது சர்வரில் ஓடுறதும் ஒண்ணு இல்லை.

ரெண்டாவது விஷயம் இன்னும் ஆழமானது. இவ்வளவு மோசமான விதிக்கு 3.6 மாதிரி பெரிய மதிப்பெண் எப்படிக் கிடைச்சது? ஸ்பாம்அசாசினில் பெரும்பாலான மதிப்பெண்களை ஆளு உட்கார்ந்து யோசிச்சு வைக்கிறதில்லை. பல பேர் சேகரித்த நல்ல மெயில்கள் ஒரு குவியல், ஸ்பேம் ஒரு குவியல். எல்லா விதிகளையும் அந்தக் குவியல்கள் மேல் ஓட்டி, எது ஸ்பேமை மட்டும் பிடிக்குது, எது நல்லதையும் சேர்த்துப் பிடிக்குதுன்னு பார்த்து, மதிப்பெண்ணை ஒரு புரோகிராம் கணக்கிடும்.

அந்தக் குவியலில் இருந்த மெயில்கள் எந்த வருஷத்தவை? எல்லாம் 2010-க்கு முந்தியவை. சேகரிச்ச மெயில் எப்பவும் பழைய மெயில்தானே. அதனால இந்த விதி நல்ல மெயில் எதையும் தொட்டிருக்க வாய்ப்பே இல்லை. மாட்டினது எல்லாம் எதிர்காலத் தேதி போட்ட ஸ்பேம். சோதனையைப் பொறுத்தவரை இது தங்கமான விதி, அதிக மதிப்பெண் வாங்கினதில் ஆச்சரியம் இல்லை. இப்படி ஒரு பிழையை, நேற்று வரைக்குமான தரவை வைத்துச் சோதிச்சா கண்டுபிடிக்கவே முடியாது. சோதனை ஓட்டும் கம்ப்யூட்டரின் தேதியை முன்னாடி தள்ளி வச்சாலும் பயனில்லை, ஏன்னா விதி கம்ப்யூட்டர் தேதியைப் பார்க்கவே இல்லை. 2010 தேதி போட்ட ஒரு நல்ல மெயிலை யாராவது கையால் செஞ்சு உள்ளே விட்டிருந்தா மட்டும்தான் தெரிஞ்சிருக்கும்.

இப்போ அந்த மெயில்கள் எங்கே?

இன்னிக்கு உங்க இன்பாக்ஸில் இந்தத் தொல்லையை அநேகமா பார்த்திருக்க மாட்டீங்க. ரெண்டு காரணம். ஒன்று, நம்ம போனும் லேப்டாப்பும் நெட்வொர்க்கிலிருந்தே நேரத்தை எடுத்துக்குது. ரெண்டு, வரிசைப்படுத்தும் முறை மாறிடுச்சு. பாப் 3 போய் ஐமேப் பரவியபோது, சர்வர் ஒவ்வொரு மெயிலும் தன்னிடம் வந்த நேரத்தை `INTERNALDATE` என்ற பெயரில் தனியா வச்சுக்கிட்டு, கேட்டா கொடுத்தது. 2008-ல் வந்த ஆர்.எஃப்.சி. 5256, சர்வரையே வரிசைப்படுத்தித் தரச் சொல்லும் கட்டளையை விவரிக்குது. அதில் `DATE` என்று கேட்டா எழுதினவர் தேதிப்படி, `ARRIVAL` என்று கேட்டா வந்த நேரப்படி. ஜிமெயிலும் சாதாரணமா வரும் மெயிலுக்குத் தான் பெற்றுக்கொண்ட நேரத்தைத்தான் வச்சுக்குது. `Date:` வரியைவிட அதுதான் நம்பகம் என்று கூகுளே தன் டெவலப்பர் ஆவணத்தில் எழுதியிருக்கு.

ஆனா முத்திரை எப்பவும் ஜெயிக்குமா? இல்லை. பழைய கணக்கிலிருந்து பத்து வருஷ மெயிலைப் புதுக் கணக்குக்கு மாத்துறீங்கன்னு வச்சுக்கோங்க. ஐமேப்பில் ஒரு மெயிலை உள்ளே போடும் `APPEND` கட்டளையில் வந்த தேதியைச் சேர்த்துச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். மாத்தற டூல் அதைச் சொல்லாம விட்டா, புது சர்வர் அந்த நொடியையே வந்த நேரமா எழுதிக்கும். பத்து வருஷ மெயிலும் இன்னிக்குத்தான் வந்த மாதிரி நிக்கும். அந்த நேரத்தில் உங்களைக் காப்பாத்தப்போறது எழுதினவர் தன் கையால் போட்ட அந்த `Date:` வரிதான். அவுட்லுக், தண்டர்பேர்டு மாதிரி புரோகிராம்களில் ரெண்டு தேதியையும் தனித்தனிப் பத்தியா வச்சுக்க முடியும். மெயில் மாத்தினதும் முதல் வேலையா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

உங்க இன்பாக்ஸில் இன்னும் எங்கேயாவது ஒரு 2038 மெயில் இருந்தா, அழிக்கறதுக்கு முன்னாடி ஹெடரைத் திறந்து, மேலே இருக்கிற `Received:` வரியோட கழிச்சுப் பாருங்க. என்ன இடைவெளி வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.